சாயும் பின்னலை நிமிர்த்துவது எப்படி?

வீட்டில் கட்டமாகப் பின்னி முடித்த காட்டன் துண்டு, ஒருமுறை துவைத்துக் காய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து இணைகரமாகிவிடும். சட்டையாகத் தைத்திருந்தால் பக்கத் தையலில் ஒன்று வயிற்றுக்கு வரும், மற்றது முதுகுக்குப் போகும். கடையில் வாங்கிய பனியனிலும் டி-ஷர்ட்டிலும் இதையே பார்த்திருப்பீர்கள். இந்த அத்தியாயம் முடியும்போது மூன்று காரியங்களை நீங்களே செய்துகொள்ளலாம்: வாங்கும் முன்பே நூலைச் சோதிப்பது, மாதிரித் துண்டில் சாய்வை அளப்பது, கண்ணியை மாற்றியோ முறுக்கை மாற்றியோ அதைச் சரிசெய்வது.

தேவையானவை

- பின்னப் போகும் நூல்
- 2.75, 3.25 மில்லிமீட்டர் ஊசிகள்
- பளிச்சென்று தெரியும் வேறு நிற நூல் அரை மீட்டர்
- பள்ளி ஜியோமெட்ரி பெட்டியில் உள்ள மூலைமட்டமும் அளவுகோலும்
- ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பெரிய துவாலை
- நூலை நீங்களே முறுக்குவதாக இருந்தால் தக்களி அல்லது ராட்டை

முதலில் நோயை அடையாளம் காணுங்கள்

ஸ்டாக்கினெட் என்பது முன்பக்கம் முழுவதும் நிட், பின்பக்கம் முழுவதும் பர்ல் தெரியும் சாதாரணப் பின்னல். திருப்பூரில் அதையே மிக மெல்லிய நூலில், எந்திரத்தில் பின்னி பனியன் துணி என்கிறார்கள். இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, சுருள்வது. பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். எந்த நூலில் பின்னினாலும் ஸ்டாக்கினெட் சுருளும். அது கண்ணியின் இயல்பு.

மற்றது, சாய்வது. முன்பக்கத்தில் நிட் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலேறும் சரங்களைப் பாருங்கள். கீழ் ஓரத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டிய சரம் இடமோ வலமோ சரிந்திருந்தால் அதுதான் சாய்வு. இது எல்லா நூலிலும் வராது. நாம் இங்கே தீர்க்கப் போவது இந்தச் சாய்வைத்தான்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவு காரணம்

பஞ்சு நூலாவதே முறுக்கினால்தான். முறுக்கிய நூல் தளர்ந்துகொள்ள எப்போதும் முயலும். ஒற்றைப் புரி நூலில் முறுக்கு முழுவதும் ஒரே திசையில் இருப்பதால் அதைத் தடுக்க எதிர்விசை இல்லை. அந்த நூலில் கண்ணி போட்டால் ஒவ்வொரு கண்ணியும் தன் இடத்திலேயே சற்றுத் திரும்பிக்கொள்கிறது. ஸ்டாக்கினெட்டில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் முகம் காட்டுவதால், எல்லாம் ஒரே திசையில் திரும்பி, சின்னச் சின்னத் திரும்பல்கள் கூடிச் சாய்வாகின்றன.

முறுக்கில் இரண்டு திசைகள் உண்டு. நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். இழைகள் இடது கீழிருந்து வலது மேலாக, ஆங்கில எழுத்து இசட்டின் நடுக்கோடு போல ஏறினால் அது இசட் முறுக்கு. எதிர்ப்பக்கமாக, எஸ் எழுத்தின் நடுப்பகுதி போலப் போனால் எஸ் முறுக்கு. மில்லில் வரும் ஒற்றைப் புரிப் பருத்தி நூல் பெரும்பாலும் இசட். இசட் நூலில் பின்னிய ஸ்டாக்கினெட் முன்பக்கத்திலிருந்து பார்க்க வலப்பக்கம் சாயும். எஸ் நூலில் இடப்பக்கம் சாயும். நூலின் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறதோ துணியும் அந்தப் பக்கமே சாய்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சாய்வு துவைத்த பிறகு அதிகமாவதற்கும் இதுவே காரணம். கோனில் இறுக்கமாகச் சுற்றிக் கிடந்த நூலில் முறுக்கு அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி உப்பி, இறுக்கம் தளர்ந்து, அடங்கிய முறுக்கு வேலை செய்யத் தொடங்குகிறது.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

தி.நகர் பாண்டி பஜாரிலோ மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியோ "உல்லன்" என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் கைக்கு வரும். அது வழக்கமாக இரண்டு, மூன்று, நான்கு புரிகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கியது என்பதால் அவ்வளவாகச் சாய்வதில்லை. ஆனால் சென்னை வெயிலுக்கு அக்ரிலிக் ஒத்துவராது என்று பருத்திக்கு வருபவர்கள் அதிகம். பருத்தியில் கவனம் வேண்டும். நிட்டிங் காட்டன் என்று உருண்டையாக விற்பது பல புரி நூல், தைரியமாக வாங்கலாம். மலிவு என்று கோனிலோ சிட்டமாகவோ வாங்கும் நெசவு நூலும் பனியன் நூலும் பெரும்பாலும் ஒற்றைப் புரி. சாய்வுத் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எதிர்த்திசையில் உருட்டிப் பிரியுங்கள். தனித்தனிப் புரிகளாகப் பிரிந்தால் பல புரி நூல். நேராகப் பஞ்சாகக் கலைந்தால் ஒற்றைப் புரி.

ஈர வளையச் சோதனை

இரண்டு நிமிட வேலை. ஊசியில் கண்ணி ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு புது நூலுக்கும் செய்யுங்கள்.

1. ஒரு மீட்டர் நூலை எடுங்கள். வெட்டும்போதும் பிடிக்கும்போதும் நுனிகள் சுழன்று முறுக்கு கழன்றுவிடாமல் இரு முனைகளையும் விரலால் இறுக்கிப் பிடித்திருங்கள்.
2. முனைகளை விடாமல் நடுப்பகுதியைத் தண்ணீரில் நனைத்து, விரலால் லேசாக வழித்து விடுங்கள்.
3. இரு கைகளையும் மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். நூல் கீழே தொங்கும் வளையமாகும்.
4. கைகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, வளையத்தைப் பாருங்கள்.

வளையம் திறந்தே தொங்கினால் நூல் சமநிலையில் இருக்கிறது. ஒன்றிரண்டு சுற்று மட்டும் திரிந்தால் மாதிரித் துண்டு பின்னிப் பார்த்து முடிவு செய்யலாம். வளையம் முழுவதும் கயிறாகத் திரிந்துகொண்டால் அந்த நூலை அப்படியே வைத்து ஸ்டாக்கினெட் பின்ன வேண்டாம்.

*குறிப்பு:* உலர்ந்த நூலில் இந்தச் சோதனையைச் செய்து ஏமாறுபவர்கள் உண்டு. நாள்பட்ட கோன் நூல் உலர்நிலையில் சாதுவாகத் தொங்கும். நனைத்தால்தான் உண்மை தெரியும்.

மாதிரித் துண்டில் சாய்வை அளப்பது

1. 40 கண்ணி ஏற்றி, 50 வரிசை ஸ்டாக்கினெட் பின்னுங்கள். ஓரத்தில் கார்ட்டர் கரை எதுவும் வேண்டாம்.
2. கண்ணிகளைத் தளர்வாக முடித்து இறக்குங்கள்.
3. நடுவில், 20-ஆவது சரத்துக்கும் 21-ஆவது சரத்துக்கும் இடையே வேறு நிற நூலைக் கீழிருந்து மேல்வரை கோத்து ஓட்டுங்கள். சாய்வை இந்தக் கோட்டில்தான் அளக்கப் போகிறோம். ஓரங்கள் சுருள்வதால் அவற்றை நம்ப முடியாது.
4. சட்டையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவையுங்கள். மெஷினில் போடும் துணியென்றால் மாதிரியையும் மெஷினில் போடுங்கள்.
5. பிழியாமல், துவாலையில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். குண்டூசி குத்தி இழுத்து நிறுத்தக் கூடாது.
6. காய்ந்ததும் மூலைமட்டத்தைக் கீழ் வரிசையோடு பொருத்தி, நிறக் கோடு தொடங்கும் இடத்திலிருந்து செங்குத்தாக நிறுத்துங்கள். உச்சியில் நிறக் கோடு மூலைமட்டத்தை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.
7. விலகலை உயரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

கிடைப்பது சாய்வு சதவீதம். ஆயத்த ஆடைத் தொழிலில் துவைத்த பிறகு 5 சதவீதம் வரை என்பது பொதுவாக ஏற்கும் எல்லை. கைப்பின்னலுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் சின்னச் சட்டையில் 5 சதவீதம் கண்ணில் படாது. முழங்கால்வரை நீளும் பெரியவர் உடையில் அதே 5 சதவீதம் நன்றாகத் தெரியும்.

*குறிப்பு:* ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் தடித்த காட்டன் துண்டு காய இரண்டு நாள்கூட ஆகும். ஈரம் இருக்கும்போது அளந்தால் கணக்கு தப்பும். மின்விசிறிக்குக் கீழே, அவ்வப்போது திருப்பிப் போட்டு முழுவதும் காயவிடுங்கள்.

சாய்வுக்குக் காரணம் நூலா, உங்கள் கையா?

நூலைக் குறை சொல்வதற்கு முன் கண்ணியை உற்றுப் பாருங்கள். சரியான நிட் கண்ணியின் இரு கால்களும் அடியில் தொடாமல் விலகி நிற்கும். அடியில் ஒரு கால் மற்றதன்மேல் ஏறிக் குறுக்கிட்டிருந்தால் அது திருகிய கண்ணி. நிட் வரிசையில் கண்ணியின் பின்காலில் ஊசியை நுழைப்பது ஒரு காரணம். பர்ல் வரிசையில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு, அடுத்த நிட் வரிசையில் வழக்கம்போல் முன்காலில் நுழைப்பது இன்னொரு காரணம். தானாகக் கற்றுக்கொண்ட பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. திருகிய கண்ணிகளும் ஒரே பக்கமாகத் திருகுவதால் நல்ல நூலில்கூடத் துணி சாயும்.

வளையச் சோதனையில் அசையாமல் தொங்கிய பல புரி நூலில் ஒரு மாதிரி பின்னுங்கள். அதுவும் சாய்ந்தால் திருத்த வேண்டியது உங்கள் கைப்பழக்கத்தை. சாயாவிட்டால் குற்றம் நூலின் மேல்.

முதல் வழி: கண்ணியை மாற்றுவது

செலவில்லாத வழி இது. நிட் கண்ணியைப் பின்னாலிருந்து பார்த்தால் அதுவே பர்ல். ஆகவே இசட் நூலில் போட்ட நிட் வலப்பக்கம் சாய்ந்தால், அதே நூலில் போட்ட பர்ல் நாம் பார்க்கும் பக்கத்திலிருந்து இடப்பக்கம் சாயும். இரண்டையும் சம எண்ணிக்கையில், அருகருகே கலந்தால் ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். நூல் மாறவில்லை, முறுக்கும் மாறவில்லை. ஆனாலும் துண்டு நேராக நிற்கும்.

- கார்ட்டர்: எல்லா வரிசையும் நிட். ஒரு வரிசை வலம், அடுத்தது இடம் என்று சாய்வு அழிந்துவிடும். வட்ட ஊசியில் பின்னினால் ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல் என்று மாற்றிப் போட வேண்டும். அதே உயரத்துக்கு ஸ்டாக்கினெட்டை விட வரிசைகள் அதிகம் வேண்டும். நூலும் அதிகம் செலவாகும்.
- மாஸ்: ஒரு நிட், ஒரு பர்ல், அடுத்த வரிசையில் நிட்டின் மேல் பர்ல், பர்லின் மேல் நிட். எல்லாத் திசையிலும் சமமாக ஈடாவதால், முறுக்கு அதிகமுள்ள நூலுக்கு இதுவே முதல் தேர்வு. சுருள்வதும் நிற்கும்.
- 1-க்கு 1, 2-க்கு 2 ரிப்: சரங்கள் நேராக நிற்கும். ஆனால் துணி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் உடம்புப் பகுதிக்குப் போடும்போது கண்ணிகளைக் கூட்ட வேண்டும். 5-க்கு 5 என்று பட்டையை அகலமாக்கினால், ஓரம் நேராக இருந்தாலும் பட்டைக்குள் நெளிவு தெரியத் தொடங்கும்.
- கூடைப் பின்னல்: 4 கண்ணி, 4 வரிசைக்கு ஒருமுறை நிட்டும் பர்லும் இடம் மாறும் கட்டங்கள். ஸ்டாக்கினெட் போன்ற பரப்பு வேண்டும், சாய்வு வேண்டாம் என்பவர்களுக்கு இது நடுவழி.

இங்கே பலர் செய்யும் தவறு, ஸ்டாக்கினெட்டைச் சுற்றி நான்கு கண்ணியில் கார்ட்டர் கரை வைத்துவிட்டுச் சாய்வு தீர்ந்தது என்று நினைப்பது. கரை சுருள்வதைத்தான் தடுக்கும். நடுப்பகுதி முழுவதும் ஒரே முகமாக இருக்கும்வரை அது சாய்ந்துகொண்டே இருக்கும், கரையையும் சேர்த்து இழுக்கும். பத்து வரிசைக்கு ஒரு பர்ல் வரிசை போடுவதும் அப்படியே. ஒன்பது வலத்துக்கு ஓர் இடம் ஈடாகாது.

ஸ்டாக்கினெட்தான் வேண்டும், நூலையும் மாற்ற முடியாது என்றால் ஊசியை ஓர் அளவு சின்னதாக்குங்கள். கண்ணி நெருக்கமானால் திரும்ப இடம் குறையும், சாய்வும் குறையும். முழுவதும் நிற்காது. துணி விறைப்பாவதற்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திருகிய கண்ணியையே மருந்தாக்கலாம் என்பதும் உண்மை. எல்லா நிட்டையும் பின்காலில் போட்டால் வரும் சாய்வு, நூலின் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக அமைந்தால் ஒன்றையொன்று தணிக்கும். ஒரே பக்கமாக அமைந்தால் நிலைமை மோசமாகும். ஆகவே மாதிரி பின்னி, துவைத்து, அளந்த பிறகே இதை எடுங்கள். துணியின் நெகிழ்வு குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் வழி: முறுக்கைச் சமன்செய்வது

ஸ்டாக்கினெட்டின் வழவழப்பு கட்டாயம் வேண்டுமென்றால் வேலையை நூலிலேயே செய்ய வேண்டும். இசட் முறுக்குள்ள புரிகளைச் சேர்த்து எஸ் திசையில் முறுக்கினால், புரிகள் ஒரு பக்கம் தளரப் பார்க்க, சேர்த்த நூல் மறுபக்கம் தளரப் பார்க்கும். இரண்டு விசையும் சமமாகும் இடத்தில் நூல் அமைதியாகிவிடும்.

10-ஆம் நம்பர் ஒற்றைப் புரிப் பருத்தி நூல் தனியாகக் கைப்பின்னலுக்கு மிக மெல்லியது. நான்கு புரி சேர்த்தால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 420 மீட்டர் வரும்; குழந்தைச் சட்டைக்கு ஏற்ற தடிமன். நான்கையும் முறுக்காமல் ஒன்றாகப் பிடித்துப் பின்னினால் நான்கின் முறுக்கும் ஒரே பக்கம் இழுக்கும்; சாய்வு குறையாது.

1. நான்கு நூலுருண்டைகளை நான்கு தனித்தனிக் கிண்ணங்களில் தரையில் வையுங்கள். ஒரே கூடையில் போட்டால் சிக்கிக்கொள்ளும்.
2. நான்கு நுனிகளையும் சேர்த்துத் தக்களியில் கட்டுங்கள். நான்கும் ஒரே இழுவிசையில் வர வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றவற்றின்மேல் சுருளாகச் சுற்றிக்கொள்ளும்.
3. தக்களியை மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றுங்கள். அது எஸ் முறுக்கைத் தரும். கடிகாரத் திசையில் சுழற்றினால் இருக்கும் முறுக்கோடு இன்னும் கூடிவிடும்.
4. எவ்வளவு முறுக்குவது? இரண்டு புரி சேர்த்தால் ஒற்றைப் புரியில் உள்ள முறுக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நான்கு புரி சேர்த்தால் பாதி. ஒரு சென்டிமீட்டரில் 4 சுற்று உள்ள புரிகள் நான்கைச் சேர்த்தால் சென்டிமீட்டருக்கு 2 சுற்றில் தொடங்குங்கள்.
5. முதல் இரண்டு மீட்டர் முறுக்கியதும் ஈர வளையச் சோதனை செய்யுங்கள். வளையம் ஒற்றைப் புரி திரிந்த அதே திசையில் திரிந்தால் முறுக்கு போதவில்லை. எதிர்த்திசையில் திரிந்தால் மிஞ்சிவிட்டது. திறந்து தொங்கும் அளவைப் பிடித்துக்கொண்டு, சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள்.
6. முடிந்ததும் நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள்.
7. சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பளு எதுவும் தொங்கவிடாமல் உலர்த்துங்கள். பளு கட்டினால் மிச்சமுள்ள முறுக்கு மறைந்து நிற்கும். முதல் துவைப்பில் திரும்ப வரும்.

நீங்களே நூற்பவரானால் இன்னொரு வழியும் திறக்கிறது. பாதி நூலை இசட்டிலும் பாதியை எஸ்ஸிலும் நூற்று, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னலாம். ஒற்றைப் புரியாகவே இருந்தும் துணி நேராக நிற்கும். வட்டப் பின்னல் எந்திரத்தில் இசட் நூலையும் எஸ் நூலையும் அடுத்தடுத்த வரிசைகளில் ஊட்டுவதும் இதே கணக்குதான்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* உருண்டையின் மறுமுனையிலிருந்து நூலை எடுத்தால் முறுக்கு திசை மாறும் என்று நினைப்பது. மாறாது. இசட் நூலைத் தலைகீழாகப் பிடித்தாலும் இசட்தான். இரு முனைகளிலிருந்தும் வரிசைக்கு வரிசை மாற்றிப் பின்னுவதால் சாய்வு ஒரு நூலிழை அளவும் குறையாது.

ஓர் உதாரணக் கணக்கு

இரண்டு வயதுக் குழந்தைக்குக் கையில்லாத சட்டை. முன்பக்கம் 28 சென்டிமீட்டர் அகலம், 32 சென்டிமீட்டர் உயரம். 10-ஆம் நம்பர் நூல் நான்கைச் சேர்த்துப் பிடித்து, 3.25 ஊசியில் மாதிரி பின்னித் துவைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

மாதிரியின் உயரம் 15 சென்டிமீட்டர். நிறக் கோடு உச்சியில் 1.8 சென்டிமீட்டர் வலப்பக்கம் விலகியிருக்கிறது. 1.8-ஐ 15-ஆல் வகுத்தால் 12 சதவீதம். சட்டையின் 32 சென்டிமீட்டர் உயரத்துக்கு விலகல் 3.8 சென்டிமீட்டர். முன்பக்கமும் பின்பக்கமும் தத்தம் முகத்தில் வலப்பக்கமே சாய்வதால் சட்டை முழுவதும் உடம்பைச் சுற்றித் திருகும். இப்படியே பின்னக் கூடாது.

ஊசியை 2.75-க்கு மாற்றி இன்னொரு மாதிரி. விலகல் 1.2 சென்டிமீட்டர், அதாவது 8 சதவீதம். நன்றாகத்தான் குறைந்திருக்கிறது, ஆனாலும் சட்டையில் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் வரும். துணியும் குழந்தைக்கு விறைப்பாகிவிட்டது. இதுவும் வேண்டாம்.

இனி முடிவு இரண்டில் ஒன்று. நேரம் இல்லையென்றால் அதே நூலில், 3.25 ஊசியில் மாஸ். கண்ணி அளவு மாறும் என்பதால் மாஸிலும் ஒரு மாதிரி பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணிய பிறகே சட்டைக்குக் கண்ணி ஏற்ற வேண்டும். ஸ்டாக்கினெட்தான் வேண்டுமென்றால் நான்கு புரியையும் எஸ்ஸில் முறுக்கிக்கொண்டு மறுபடி மாதிரி. விலகல் 0.3 சென்டிமீட்டரானால் 2 சதவீதம். 32 சென்டிமீட்டருக்கு 0.6. தைரியமாகத் தொடங்கலாம்.

பின்னி முடித்த துண்டு சாய்ந்துவிட்டால்?

ஈரத்தில் இழுத்து, குண்டூசி குத்தி, ஆவி காட்டி நேராக்கலாம். கம்பளி அதை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பருத்தி அடுத்த துவைப்பில் பழைய இடத்துக்கே போகும். பனியன் துணியைச் சாயப்பட்டறையில் இழுத்து நேராக்கி அனுப்புவதும், அது நம் வீட்டு வாளியில் மறுபடி திருகுவதும் இதனால்தான். பனியனில் இன்னொரு காரணமும் சேருகிறது. 30 அங்குல விட்டமுள்ள வட்டப் பின்னல் எந்திரத்தில் 90 அளவில் நூல்கள் ஒரே சமயத்தில் ஊட்டப்படுவதால், ஒரு சுற்றிலேயே அத்தனை வரிசைகள் ஏறிவிடுகின்றன. வரிசைகளே சற்றுச் சரிவாகத்தான் படிகின்றன.

ரங்கநாதன் தெருவில் டி-ஷர்ட் வாங்கும்போது பக்கத் தையலின் அருகே கண்ணிச் சரம் தையலுக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள். சரம் சரிந்து தையலில் வெட்டுப்பட்டால், துணி ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

கைப்பின்னலில் சாய்ந்துவிட்ட துண்டைத் தோளில் போடும் சால்வையாகவோ, சாய்வு தெரியாத துடைக்கும் துணியாகவோ வைத்துக்கொள்ளலாம். சட்டையாகத் தைக்க நினைத்தால் பிரித்து, சிட்டமாக்கி, முறுக்கிய பிறகு மறுபடி பின்னுவதே சரி.

பாதுகாப்பு

- நூல் முறுக்க மின் துளைக்கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். நூலை விரலில் சுற்றிப் பிடிக்கவே கூடாது.
- ஆவி காட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். அக்ரிலிக் துணியில் சூடான பெட்டி பட்டால் பளபளத்து, தொய்ந்து, திரும்ப வராது.
- ஈரக் காட்டனைக் கொடியில் தொங்கவிட வேண்டாம். அதன் எடையே நீளத்தை இழுத்துவிடும். பிறகு அளக்கும் எந்த அளவும் நம்ப முடியாததாகும்.
- தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஊசியும் தக்களியும் வேலை முடிந்ததும் பெட்டிக்குள் போகட்டும்.

சுருக்கமாக

நூல் கடையிலேயே நுனியைப் பிரித்துப் பாருங்கள். பல புரி என்றால் ஸ்டாக்கினெட், ஒற்றைப் புரி என்றால் மாஸ் அல்லது கார்ட்டர். எதுவானாலும் துவைத்த மாதிரியை அளக்காமல் சட்டைக்குக் கண்ணி ஏற்றாதீர்கள்.